ஏழு நாளுக்குப் பங்கு போட்ட மழை



ரொம்ப நாளாக நீளமாக எதுவும் எழுதவில்லை. இன்று எழுத ஒரு காரணம் கிடைத்தது. காபி டம்ளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். கணக்கு வரும். ஆனால் கூட்டலும் வகுத்தலும் தவிர வேறு எதுவும் வராது.

போன ஞாயிற்றுக்கிழமை என் அக்கா மகளும் மாப்பிள்ளையும் வீட்டுக்கு வந்திருந்தார்கள். இங்கே பக்கத்தில்தான் அடுக்குமாடியில் இருக்கிறார்கள். மாப்பிள்ளை அந்தக் குடியிருப்புச் சங்கத்தின் பொருளாளர். கீழே பேஸ்மென்ட்டில் கார்கள் நிற்கின்றன. மின்சாரப் பலகையும் அங்கேதான். மழைத் தண்ணீரை வெளியே இறைக்கப் புது மோட்டார் வாங்கப் போகிறார்கள். எவ்வளவு பெரிய மோட்டார் என்பதுதான் கேள்வி.

"மாமா, இதைக் கொஞ்சம் பாருங்க. எங்க பில்டிங் பையன் ஒருத்தன் ரொம்ப அழகா போட்டுக் கொடுத்திருக்கான்" என்று போனை நீட்டினார்.

தாம்பரம் பக்கத்து மழை வரைபடம். 2015-ஆம் வருஷத்து வடகிழக்குப் பருவமழை முழுவதும் ஒரே நீலக் கோடு. மெதுவாக ஏறுகிறது, மெதுவாக இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. கொடைக்கானல் மலைத்தொடரைத் தூரத்தில் இருந்து பார்ப்பது மாதிரி. கீழே சின்ன எழுத்தில் "ஏழு நாள் நகரும் சராசரி" என்று இருந்தது. அந்தக் கோட்டின் உச்சியைப் பார்த்து, அதற்கு மேல் கொஞ்சம் கூட்டி, நாளுக்கு 100 மில்லிமீட்டர் மழையைச் சமாளித்தால் போதும் என்று கமிட்டி முடிவு செய்யப் போகிறதாம்.

"மாப்பிள்ளை, 2015 டிசம்பர் 1-ஆம் தேதி நீங்க எங்கே இருந்தீங்க?" என்று கேட்டேன்.

"பெங்களூர்ல, மாமா."

அப்படியானால் அவர் மேல் தப்பில்லை. இங்கே இருந்தவர்களுக்கு அந்த ராத்திரி மறக்காது. டிசம்பர் 1 காலை எட்டரை மணியில் இருந்து மறுநாள் காலை எட்டரை மணி வரை தாம்பரத்தில் பதிவான மழை 49 சென்டிமீட்டர். மில்லிமீட்டரில் 490. ஆனால் அந்த நீலக் கோட்டில் 490 என்ற உயரத்தை எட்டும் இடம் எதுவுமே இல்லை. அந்த நாள் எங்கே போயிற்று? அதைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் நகரும் சராசரி என்றால் என்ன என்று பார்ப்போம். பிளஸ் டூ வணிகக் கணிதம் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். மற்றவர்களுக்காக வெயிலை வைத்துச் சொல்கிறேன், ஏனென்றால் வெயிலுக்கு இது நன்றாக வேலை செய்யும்.

மே மாதத்தில் ஒரு வாரம் தினசரி அதிகபட்ச வெப்பநிலை இப்படி என்று வைத்துக்கொள்ளுங்கள்: 37, 40, 36, 39, 41, 37, 36. ஒரே வாரத்துக்குள் ஏன் இத்தனை ஏற்ற இறக்கம்? காரணம் கடல் காற்று. கடற்கரையில் இருந்து நாம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறோம். கடல் காற்று மதியத்துக்குள் வந்துவிட்டால் வெயில் அதற்கு மேல் ஏறாது. மேற்குக் காற்று பலமாக இருந்து கடல் காற்றைத் தடுத்துவிட்டால் அன்றைக்குக் கொளுத்திவிடும். இந்த எண்களைப் புள்ளி வைத்துக் கோடு போட்டால் ரம்பத்தின் பல் மாதிரி இருக்கும். வெயில் ஏறிக்கொண்டிருக்கிறதா இறங்கிக்கொண்டிருக்கிறதா என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது.

ஏழையும் கூட்டுங்கள்: 266. ஏழால் வகுத்தால் 38. எட்டாவது நாள் 40 டிகிரி என்றால், முதல் நாள் எண் 37-ஐ எடுத்துவிட்டு 40-ஐச் சேர்க்கிறோம். கூட்டுத்தொகை 269, சராசரி 38.4. அடுத்த நாளும் அப்படியே. பழையது ஒன்று வெளியே போகும், புதியது ஒன்று உள்ளே வரும். ஏழு பேர் உட்காரும் பெஞ்சில் ஒருவன் எழுந்து போக, மறுமுனையில் இன்னொருவன் வந்து உட்காருவது போல. அந்த பெஞ்சின் சராசரியைத் தினமும் எழுதிக்கொண்டே போனால் நகரும் சராசரி.

இப்போது ரம்பப் பல் மறைந்து மெதுவான கோடு வரும். கத்திரி வெயில் உண்மையிலேயே கத்திரியில்தான் உச்சமா, முடிந்த பிறகும் ஏறுகிறதா என்று அந்தக் கோட்டில் தெரியும். வெயிலில் இது ஏன் பலிக்கிறது என்றால், நேற்று 38 என்றால் இன்று 37 அல்லது 39 என்று பக்கத்தில்தான் எங்கோ இருக்கும். எந்த நாளும் சராசரியில் இருந்து வெகுதூரம் ஓடிப்போவதில்லை. அதனால் "இந்த வாரம் 38 டிகிரி" என்று ஒரே எண்ணில் சொன்னால் அது எந்த நாளுக்கும் பெரிய பொய்யாக இருக்காது.

கொரோனா சமயத்தில் தினமும் செய்தியில் ஏழு நாள் சராசரி காட்டினார்களே, அதற்கும் நல்ல காரணம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பரிசோதனை குறையும், அடுத்து வரும் நாட்களில் எண்ணிக்கை ஏறும். வாரா வாரம் இதே ஏற்ற இறக்கம். ஏழு நாளை ஒன்றாக எடுத்தால் எப்போதும் அதில் ஒரு ஞாயிறு இருக்கும், ஆகவே அந்தக் குளறுபடி அடிபட்டுப் போகும்.

மழைக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. மாப்பிள்ளையிடம் "ஏன் ஏழு?" என்று கேட்டேன். "எல்லாரும் ஏழுதானே மாமா போடுவாங்க" என்றார். வகுப்பில் யாராவது இப்படிப் பதில் சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும். மாப்பிள்ளை என்பதால் முறுக்குத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினேன்.

சரி, இப்போது மழைக்கு வருவோம்.

டிசம்பர் 2 தேதியில் பதிவான அந்த 490 உண்மை எண். அதற்கு முன்னும் பின்னும் இங்கே மழை பெய்தது. ஆனால் கணக்கு கண்ணுக்குப் பளிச்சென்று தெரிய, பக்கத்து நாட்கள் எல்லாம் பூஜ்யம் என்று சற்று நேரம் வைத்துக்கொள்வோம். வரிசை இப்படி: 0, 0, 0, 0, 0, 0, 490, 0, 0, 0, 0, 0, 0.

ஏழு நாள் சராசரி எடுங்கள். 490 பெஞ்சில் வந்து உட்காரும் நாளில் 490-ஐ ஏழால் வகுக்க, 70. மறுநாளும் அது பெஞ்சில்தான் இருக்கிறது, 70. அதற்கு மறுநாளும் 70. இப்படியே ஏழு நாள் 70. எட்டாம் நாள் அது எழுந்து போனதும் பூஜ்யம்.

அதாவது ஒரே நாளில் கொட்டிய தண்ணீரை ஏழு நாளுக்குச் சமமாகப் பங்கு போட்டுவிட்டோம். மொத்தத்தில் ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை. எழுபது ஏழு நானூற்றுத் தொண்ணூறு. அதனால்தான் அந்தப் பையனுக்குத் தன் வரைபடத்தில் தவறு இருப்பதாகவே தோன்றவில்லை. கணக்கு சரி. மொத்த மழையும் சரி. ஆனால் நமக்குத் தெரிய வேண்டிய ஒரே விஷயமான அந்த நாளின் வேகம் போய்விட்டது.

எழுபதுக்கும் 490-க்கும் உள்ள வித்தியாசத்தை வானிலைத் துறையின் சொற்களிலேயே பார்க்கலாம். இருபத்துநாலு மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் 115.5 வரை பெய்தால் கனமழை. 115.6 முதல் 204.4 வரை மிக கனமழை. 204.5-உம் அதற்கு மேலும் அதி கனமழை. எழுபது என்பது கனமழை வகுப்பில் முதல் பெஞ்ச்; குடையும் ரெயின்கோட்டும் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகிற நாள். 490 என்பது அதி கனமழையின் எல்லையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். முடிச்சூரிலும் மேற்குத் தாம்பரத்திலும் வீடுகள் மூழ்கிய நாள். நகரும் சராசரி அந்த நாளை ஏழு சாதாரணக் கனமழை நாட்களாக மாற்றிவிட்டது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. யாராவது மழைக்கு வழவழப்பான கோடு மட்டும் அனுப்பினால், அதில் தட்டையான உச்சி இருக்கிறதா என்று பாருங்கள். மேசை மாதிரி நேராக ஏறி, தட்டையாகப் போய், நேராக இறங்கினால், அந்த மேசையின் அகலத்தை நாட்களில் எண்ணுங்கள். சராசரி எடுத்த நாட்களும் அதே எண்ணிக்கையாக இருந்தால், அங்கே ஒரு வாரம் மழை பெய்யவில்லை. ஒரே ஒரு பேய்மழை நாள் ஒளிந்திருக்கிறது. மாப்பிள்ளையின் போனைப் பெரிதாக்கிப் பார்த்தோம். டிசம்பர் தொடக்கத்தில் மேசை இருந்தது. பக்கத்து நாட்களிலும் மழை பெய்ததால் மேற்பரப்பு கொஞ்சம் மேடு பள்ளம், அவ்வளவுதான்.

அந்த மேசை எந்தத் தேதியில் தொடங்குகிறது என்பது இன்னொரு விஷயம். 70 என்ற எண்ணை ஏழு நாட்களில் எந்த நாளுக்கு எதிரே எழுதுவது? கடைசி நாளுக்கு எதிரே எழுதினால், மழை வந்த நாளில் கோடு ஏறி, மழை விட்டு ஆறு நாள் ஆன பிறகும் உயரத்திலேயே நிற்கும். தெருவில் வெயில் அடிக்கும், வரைபடத்தில் மழை கொட்டும். நடு நாளுக்கு, அதாவது நாலாவது நாளுக்கு எதிரே எழுதினால், மழை வருவதற்கு மூன்று நாள் முன்பே கோடு ஏறிவிடும். வரைபடத்தைப் பார்க்கிறவர், மழை படிப்படியாகத்தான் வலுத்தது, மூன்று நாள் முன்பே அறிகுறி இருந்தது என்று நினைப்பார். மழை அப்படி வரவில்லை. நாம் எழுதிய இடம் அப்படிக் காட்டுகிறது. பாடப்புத்தகத்தில் நடுவில் எழுதச் சொல்லித்தான் கற்றுக்கொடுத்தோம், அது போக்கைப் பார்க்கச் சரியான முறை. ஆனால் எந்த முறை என்று வரைபடத்தின் அடியில் எழுதியாக வேண்டும்.

இதோடு மழைமானியின் நாள்கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் மழையைக் காலை எட்டரை மணிக்கு அளந்து, அளந்த தேதியில் எழுதுகிறார்கள். டிசம்பர் 1 பகலிலும் ராத்திரியிலும் கொட்டியது டிசம்பர் 2 என்றுதான் பதிவேட்டில் இருக்கும். இது தெரியாமல் செய்தித்தாளின் தேதியையும் பதிவேட்டின் தேதியையும் கலந்தால் ஒரு நாள் தள்ளிப்போகும்.

இனி மோட்டாருக்கு வருவோம். இதை மாப்பிள்ளையின் பையனை உட்காரவைத்து நோட்டிலேயே போட்டோம். அவன் ஒன்பதாவது படிக்கிறான்.

ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். இந்த ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி, சுமார் 223 சதுர மீட்டர். அவர்கள் மனை ஐந்து கிரவுண்டு, 1,115 சதுர மீட்டர். மனையில் விழும் தண்ணீர் எல்லாம் சரிவு வழியே பேஸ்மென்ட்டுக்குத்தான் போகிறது என்று வைத்துக்கொண்டோம்.

கமிட்டி சொன்ன 100 மி.மீ. மழைக்கு 1,11,500 லிட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் டேங்கர் லாரியில் ஒன்பது லாரித் தண்ணீர். 490 மி.மீ. மழைக்கு 5,46,350 லிட்டர். நாற்பத்தைந்து லாரிக்கும் மேல். ஒரே நாளில்.

மணிக்கணக்கில் பார்த்தால், 24 மணி நேரமும் சமமாகப் பெய்கிறது என்று வைத்துக்கொண்டாலும், முதல் கணக்குக்கு மணிக்கு 4,650 லிட்டர் இறைத்தால் போதும். இரண்டாவதுக்கு 22,760 லிட்டர் இறைக்க வேண்டும். நாலே முக்கால் மடங்குக்கும் மேல். முதல் மோட்டாரைப் போட்டுவிட்டு 2015 மாதிரி ஒரு நாள் வந்தால், இறைத்தது போக நாலு லட்சத்துக்கும் அதிகமான லிட்டர் பேஸ்மென்ட்டில் நிற்கும். மின்சாரப் பலகையும் அங்கேதான் இருக்கிறது என்று சொன்னேனே.

பையன் பேனாவை வைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டான். "தாத்தா, 24 மணி நேரமும் சமமா பெய்யும்னு எதுக்கு வெச்சுக்கணும்? மழை அப்படிப் பெய்யாதே?"

ஐம்பது மார்க் கேள்வி இது. தினசரி அளவும் ஒரு சராசரிதான். 490 மி.மீ. என்றால் மணிக்குச் சராசரி இருபது மி.மீ. சொச்சம். ஆனால் மழை இரண்டு மணி நேரம் கொட்டும், ஒரு மணி நேரம் தூறும், மறுபடி கொட்டும். கொட்டும் மணியில் இருபதைப் போலப் பல மடங்கு இருக்கலாம். தினம் ஒரு தடவை அளக்கும் மழைமானியில் அது தெரியாது. தானே பதிவு செய்யும் மழைமானியில்தான் மணிக்கு மணி தெரியும். நாம் "சராசரி எடுக்காத அசல் கோடு" என்று சொல்வதே 24 மணி நேரத்தைப் பங்கு போட்ட கோடுதான். ஏற்கெனவே ஒருமுறை மழுங்கிய கத்தியை ஏழு நாள் சராசரி இன்னொரு முறை மழுக்குகிறது.

இதுவரை படித்தவர்கள், "சார் நகரும் சராசரியே கூடாது என்கிறார்" என்று நினைக்கலாம். அப்படிச் சொன்னால் அதுவும் தப்பு. அசல் கோட்டை மட்டும் பார்த்தாலும் ஏமாறுவோம். அதற்கும் 2015 தான் சாட்சி.

அந்த வருஷம் நவம்பரில் மட்டும் நுங்கம்பாக்கத்தில் 1,049 மி.மீ. மழை. அங்கே அந்த மாதத்தில் வழக்கமாகப் பெய்வது நானூறு மி.மீ. சொச்சம்தான். 1918 நவம்பருக்குப் பிறகு அதுவரை அப்படி ஒரு நவம்பர் வந்ததில்லை. மண் ஊறிப்போய், ஏரிகள் நிரம்பி, கால்வாய்களில் தண்ணீர் நின்றுகொண்டிருந்தபோதுதான் டிசம்பர் 1 வந்தது. காய்ந்த மண்ணில் இதே மழை பெய்திருந்தால் ஒரு பகுதியை மண் குடித்திருக்கும், ஒரு பகுதியை ஏரிகள் வாங்கியிருக்கும். அன்றைக்கு வாங்க இடமே இல்லை. விழுந்தது எல்லாம் ஓடியது.

இந்தச் செய்தி தினசரி அளவில் தெரியாது. பல நாளைச் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும். ஆகவே பல நாள் கணக்கும் வேண்டும். ஆனால் மழைக்கு அதைச் சராசரியாக எழுதாமல் கூட்டுத்தொகையாக எழுதுங்கள் என்பது என் கட்சி. "கடந்த 30 நாளில் சராசரி 35 மி.மீ." என்றால் யாருக்கும் உறைக்காது, தினமும் 35 மி.மீ. பெய்தது போல ஒரு பிரமையும் வரும். "கடந்த 30 நாளில் மொத்தம் 1,049 மி.மீ." என்றால் ஏரி எப்படி இருக்கும் என்று பாட்டிக்கும் புரியும். இரண்டும் ஒரே கணக்குதான், முப்பதால் வகுப்பதா வேண்டாமா என்பதுதான் வித்தியாசம்.

எத்தனை நாளைச் சேர்ப்பது என்பதைக் கேள்விதான் முடிவு செய்ய வேண்டும். பேஸ்மென்ட் மோட்டாருக்கு ஒரு நாளே அதிகம், மணிக்கணக்கு கிடைத்தால் இன்னும் நல்லது. சேலையூர் ஏரியும் செம்பாக்கம் ஏரியும் நிரம்புமா என்று பார்க்கப் பதினைந்து, முப்பது நாள். கிணற்றில் தண்ணீர் ஏறுமா என்றால் பருவம் முழுவதும். பழக்கம் என்பதற்காக ஏழு என்று எடுத்தால் அது எந்தக் கேள்விக்கும் பதில் இல்லை.

வீட்டில் மழைமானி வைத்திருக்கும் மாணவர்கள் சிலர் உண்டு. எக்செல்லில் எழுதுகிறவர்களுக்கு: தேதி A வரிசையிலும், மழை B வரிசையிலும் இருந்தால், முதல் சூத்திரம் சராசரி, இரண்டாவது கூட்டுத்தொகை. B8-க்கு நேரே எழுதினால் கடைசி நாள் முறை, B5-க்கு நேரே எழுதினால் நடு நாள் முறை.

```
=AVERAGE(B2:B8)
=SUM(B2:B8)
```

இதில் ஒரு குழி இருக்கிறது. நான் ஒரு தடவை விழுந்தேன். கல்யாணத்துக்காக மூன்று நாள் ஊரில் இல்லை. மழைமானி மாடியில் தன்பாட்டுக்குச் சேர்த்துக்கொண்டிருந்தது. திரும்பி வந்து பார்த்தால் 55 மி.மீ. அதை வந்த நாளில் எழுதி, நடுவில் மூன்று கட்டத்தைக் காலியாக விட்டேன். அதற்கு முந்தைய மூன்று நாளும் 0, 0, 5. ஏழு நாளில் மொத்தம் 60, ஆக உண்மைச் சராசரி 8.6. எக்செல் காட்டியது 15. ஏனென்றால் AVERAGE காலிக் கட்டத்தைக் கணக்கிலேயே எடுக்காது. அறுபதை நாலால் வகுத்துவிட்டது. காலி என்பது வேறு, பூஜ்யம் என்பது வேறு. மழை பெய்யவில்லை என்றால் பூஜ்யம் போடுங்கள். அளக்கவே இல்லை என்றால் காலி விட்டு, பக்கத்தில் காரணம் எழுதுங்கள். சேர்த்து அளந்ததைச் சேர்த்து அளந்தது என்றே எழுதுங்கள்.

சொல்ல வெட்கமாக இருந்தாலும் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 2015 டிசம்பர் 2 காலை என் நோட்டில் எண் கிடையாது. கரண்ட் இல்லை, போன் இல்லை, படிக்கட்டில் தண்ணீர். விடிந்து மாடிக்குப் போய்ப் பார்த்தால் என் சின்ன மழைமானி விளிம்பு வரை நின்றது. "நிரம்பி வழிந்தது" என்று பென்சிலால் எழுதினேன். மழைமானி கொள்ளும் அளவை அன்றைய மழை என்று எழுதியிருந்தால் அது பொய்க் கணக்கு. காலி என்று விட்டால் அந்த நாளே இல்லாமல் போகும். பெரிய மழை நாளில்தான் கருவி தோற்கும் என்று அன்றைக்குக் கற்றேன். எந்தச் சராசரியிலும் சேர்க்க முடியாத அந்த இரண்டு சொற்கள்தான் என் நோட்டில் மிக முக்கியமான பதிவு.

மாப்பிள்ளை விடவில்லை. "மாமா, அது எப்பவோ ஒரு தடவை வர்ற நாள். அதுக்காக அவ்வளவு பெரிய மோட்டார் வாங்கணுமா? மீட்டிங்ல ரம்பப் பல் கிராஃப் காட்டினா யாருக்கும் புரியாது."

இரண்டு கேள்வியும் நியாயமானவை. முதல் கேள்விக்குப் பதில்: வாங்க வேண்டாம் என்று முடிவு செய்ய அவர்களுக்கு முழு உரிமை உண்டு. இன்னும் சொன்னால், அன்றைக்கு எங்கள் தெருவே தண்ணீரில் நின்றது. எவ்வளவு பெரிய மோட்டார் இருந்தாலும் இறைத்த தண்ணீர் தெருவில் இருந்து திரும்பி உள்ளேதான் வந்திருக்கும். அதனால் நடுத்தரமாக ஒரு மோட்டார் வாங்கி, மிச்சக் காசில் மின்சாரப் பலகையைத் தரைத்தளத்துக்கு மேலே ஏற்றி, சரிவின் வாயில் ஒரு மேடு கட்டினால் அது புத்திசாலித்தனம். ஆனால் 490 என்ற எண்ணைப் பார்த்துவிட்டு அந்த முடிவை எடுக்க வேண்டும். அந்த எண் கண்ணில் படாத வரைபடத்தைப் பார்த்துவிட்டு, நாம் பாதுகாப்பாக இருக்கிறோம் என்று கையெழுத்துப் போடக் கூடாது.

இரண்டாவது கேள்விக்குப் பதில் வரைந்தே காட்டினேன். பழைய கிராஃப் தாளில் தினசரி மழையைத் தூண் தூணாக நிறுத்தினோம். மழைக்குப் புள்ளிகளை இணைத்துக் கோடு போடுவதை விடத் தூண்தான் பொருத்தம். ஒரு நாள் மழைக்கும் மறுநாள் மழைக்கும் நடுவே இணைக்க எதுவும் இல்லை. அதே தாளில், அதே அளவுகோலில், ஏழு நாள் சராசரியைச் சிவப்பில் போட்டோம். இடது பக்கம் ஒரு அளவுகோல், வலது பக்கம் வேறு அளவுகோல் என்று வைத்தால் சிவப்புக் கோடும் தூண் உயரத்துக்கு நிற்கும். அந்த ஏமாற்று வேலை வேண்டாம். ஒரே அளவுகோலில் போட்டதும் படம் தானே பேசியது. தாளின் உச்சியைத் தொடும் ஒற்றைத் தூண். அதன் காலடியில், ஏழில் ஒரு பங்கு உயரத்தில், வாசல்படி போலச் சிவப்பு மேசை.

மாப்பிள்ளை கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதையே மீட்டிங்ல ஒட்டிடறேன் மாமா" என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அந்தப் பையன் கெட்டிக்காரன், அவனைத் திட்ட வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். அவன் கணக்கில் தவறில்லை. அசல் தூண்களை நீக்கிவிட்டான், அவ்வளவுதான்.

உங்களிடமும் அதையே கேட்டுக்கொள்கிறேன். மனை வாங்கும்போதோ, வீடு கட்டும்போதோ, சங்கக் கூட்டத்திலோ யாராவது வழவழப்பான மழைக் கோட்டைக் காட்டினால் மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை நாள் சராசரி? எந்த நாளுக்கு எதிரே எழுதியது? அசல் தினசரி அளவு எங்கே? மூன்றாவதுக்குப் பதில் வரவில்லை என்றால் பேனாவை மூடி வையுங்கள்.

உங்களில் யாரிடமாவது 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் வீட்டில் அளந்த மழைக் கணக்கு இருந்தால் அனுப்புங்கள். எந்த இடம், எத்தனை மணிக்கு அளந்தது, மழைமானி வழிந்ததா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அன்று தாம்பரத்தில் 49 செ.மீ. பதிவானபோது நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ. தான். நடுவில் இருக்கும் உங்கள் தெருக்களில் எவ்வளவு என்று என் நோட்டின் அந்தப் பென்சில் வரிக்குப் பக்கத்தில் எழுதி வைக்க ஆசை.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்,
சேலையூர்.